வீட்டு வரைபடத்தில் ஓர் அறையின் பெயரை மட்டும் மாற்றுதல்: மெல்லிய கோடும் அளவுகோல் பட்டையும் கெடாமல் திருத்தும் முறை

ஸ்கேன் செய்த வீட்டு வரைபடம் ஒன்றில் "சேமிப்பறை" என்று இருப்பதைப் "பூசை அறை" என்று மாற்ற வேண்டும். பார்வைக்கு இது ஐந்து நிமிட வேலைதான். பழைய எழுத்தின் மேல் ஒரு வெள்ளைக் கட்டத்தை இட்டுப் புதிய எழுத்தை எழுதிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த எழுத்தின் ஊடாகப் பரணைக் குறிக்கும் விட்டு விட்டு வரையப்பட்ட கோடு ஓடியிருந்தால், வெள்ளைக் கட்டம் அதையும் சேர்த்து விழுங்கிவிடும். அந்தக் கோடு அறுந்த வரைபடத்தைப் பார்க்கும் கொத்தனாருக்கு, அங்கே பரண் இரண்டு துண்டாக நிற்பதாகவே பொருள்படும். படம் முழுவதையும் சற்றே நிமிர்த்தியோ சுருக்கியோ சேமித்துவிட்டால் பாதிப்பு அந்த அறையோடு நிற்பதில்லை. தாளில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் அது தொட்டுவிடுகிறது.

ஆகவே இவ்வேலையில் நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே: எழுத்து இருக்கும் சிறு கட்டத்துக்கு வெளியே ஒரு பிக்சல்கூட மாறக்கூடாது, கட்டத்துக்கு உள்ளே அழிய நேரும் கோட்டைப் புதிதாக வரையாமல், அதே கோட்டின் வேறொரு பகுதியிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதியிலிருந்து பிறந்தவையே. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளை வைத்து விளக்குகிறேன். படத்தின் மேல் தனித்தனித் தாள்களைப் போல் அடுக்கும் லேயர் வசதியுள்ள வேறு எந்தப் படத்திருத்த மென்பொருளிலும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உள்ளாட்சி அமைப்பின் முத்திரையும் ஒப்புதலும் பெற்ற வரைபடத்தில் இவ்வகைத் திருத்தத்தைச் செய்யக்கூடாது. அதில் மாற்றம் தேவைப்பட்டால் அதை வரைந்த பொறியாளரே திருத்திய வரைபடத்தைத் தயாரித்து மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும். இங்கே பேசப்படுவது வீட்டாரும் வேலையாட்களும் கையில் வைத்துக்கொள்ளும் படியைப் பற்றி மட்டுமே.

முதலில் தாளை அளந்துகொள்ளுதல்

எடுத்துக்காட்டாக நாம் கொள்ளும் தாள் A4 அளவுள்ளது. அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் ஸ்கேன் செய்யப்பட்டது. எனவே படம் 2480 பிக்சல் அகலமும் 3508 பிக்சல் உயரமும் கொண்டது. வரைபடத்தின் அளவுவிகிதம் 1:100. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆதலால் ஒரு பிக்சல் தாளில் ஏறத்தாழ 0.085 மி.மீ.; அதுவே தரையில் 8.5 மி.மீ. இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால், பின்னால் வரும் பிழைகளில் எது பொருட்படுத்தத்தக்கது, எது விட்டுவிடத்தக்கது என்பதை நாமே முடிவுசெய்துகொள்ளலாம்.

மெல்லிய கோடு எத்தனை மெல்லியது என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். 0.18 மி.மீ. பேனாவால் இழுத்த கோடு இந்த ஸ்கேனில் இரண்டு பிக்சல் தடிமன்தான் இருக்கும். 800 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால், நடுவில் இரண்டு கரும் பிக்சல்களும் இரு ஓரத்திலும் சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு பிக்சலும் தெரியும். அந்தச் சாம்பல் ஓரத்தை அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிடக்கூடாது. கோடு நேராகவும் மென்மையாகவும் தோன்றுவதற்கு அதுவே காரணம். அதை நீக்கினால் அந்த இடத்தில் மட்டும் கோடு மெலிந்து, பல் விழுந்தது போல் ஆகிவிடும்.

அடுத்தது, தாளில் உள்ள நீளம் தரையில் எவ்வளவு என்று காட்டும் அளவுகோல் பட்டை. `Measure` கருவியால் பட்டையின் இடது முனைக்கோட்டிலிருந்து வலது முனைக்கோடு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் பட்டை 1:100 விகிதத்தில் தாளில் 50 மி.மீ.; பிக்சலில் 591. ஸ்கேனர் சற்று முன்பின்னாக இழுத்திருந்தால் 589 என்றோ 593 என்றோ வரலாம். எந்த எண் வந்தாலும் அதுவே நமக்கு ஆதாரம். வேலை முடிந்தபின் அதே எண் மீண்டும் வர வேண்டும்.

செய்யக்கூடாத மூன்று செயல்கள்

படத்தின் பிக்சல் அளவை மாற்றக்கூடாது. `Image` பட்டியலில் உள்ள `Scale Image` கட்டளை படத்தைப் புதிதாகக் கணக்கிட்டு வரைகிறது. பாதியாகச் சுருக்கினால் இரண்டு பிக்சல் கோடு ஒரு பிக்சலாக மெலிந்துவிடும், அல்லது சாம்பலாக மங்கிவிடும். அண்டைப் பிக்சல்களின் நிறங்களைக் கலந்து கணக்கிடும் இடைக்கணிப்பு இல்லாமல் சுருக்கினாலோ ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடுகள் முற்றாக மறைந்துவிடவும் கூடும். அளவுகோல் பட்டையைப் பொறுத்தவரை ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. அகலத்தையும் உயரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் பட்டையும் உடன் சுருங்குவதால் அது தொடர்ந்து மெய்யே சொல்லும்; ஆனால் அதன் அருகே எழுதியிருக்கும் "1:100" என்ற குறிப்பு அக்கணமே பொய்யாகிவிடும். அகலத்தை மட்டும் மாற்றினால் இரண்டுமே நம்பத்தகாதவை.

படத்தை நிமிர்த்தக்கூடாது. ஸ்கேன் செய்த தாள் கால் பாகை, அரைப் பாகை சாய்ந்திருப்பது வழக்கம். தொடக்க காலத்தில் நான் ஒரு வரைபடத்தை 0.4 பாகை சுழற்றி நிமிர்த்தியபின்தான் பெயரை மாற்றினேன். திரையில் குறை ஒன்றும் தெரியவில்லை. அதை நகலெடுத்து வேலையிடத்துக்குக் கொடுத்தபோது பரணின் கோடும் கதவு திறக்கும் வில்லும் இடையிடையே காணாமல் போயிருந்தன. சுழற்றும்போது கோட்டின் ஓரத்திலுள்ள ஒவ்வொரு கரும் பிக்சலும் அண்டையிலுள்ள வெள்ளையோடு கலந்து சாம்பலாகிறது. நகலெடுக்கும் இயந்திரம் வெளிறிய சாம்பலை வெள்ளையாகவே எடுத்துக்கொள்கிறது. தடித்த சுவர்க்கோடுகள் தப்பின, மெல்லியவை தப்பவில்லை. தாள் சாய்ந்திருந்தால் சாய்ந்தபடியே இருக்கட்டும். நாம் எழுதும் புதிய எழுத்தை அதற்கு ஏற்பச் சாய்த்தால் போதும்.

மூன்றாவது, மூலப்படம் JPEG ஆக இருந்தால் அதை மீண்டும் JPEG ஆகச் சேமிக்கக்கூடாது. அந்த வடிவம் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், ஒவ்வொரு சேமிப்பிலும் படம் முழுவதும் உள்ள பிக்சல்கள் சிறிது மாறக்கூடும். திறந்தவுடன் PNG ஆக ஒரு படி எடுத்துக்கொண்டு, அதையே மூலம் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். இங்கே அதற்கு `moolam.png` என்று பெயர் வைக்கிறேன்.

கட்டத்தை வகுத்தல்

நம் எடுத்துக்காட்டில் சேமிப்பறை 3.00 மீட்டர் அகலமும் 2.40 மீட்டர் நீளமும் உள்ளது. படத்தில் அதன் இடச்சுவர் x=1380 இலும், மேற்சுவர் y=1700 இலும் உள்ளன; அறை 354 பிக்சல் அகலமும் 283 பிக்சல் உயரமும் கொண்டது. இடச்சுவரை ஒட்டி 60 செ.மீ. அகலப் பரண். அதன் விளிம்பு x=1451 இல் மேலிருந்து கீழாக, 3 மி.மீ. கோடு, 1 மி.மீ. இடைவெளி என்ற ஒழுங்கில் இறங்குகிறது. "சேமிப்பறை" என்ற சொல் அறையின் நடுவில் எழுதப்பட்டிருப்பதால், முதலெழுத்தின் இரட்டைச்சுழிக் கொம்பு இந்தப் பரண் கோட்டின் மேலேயே அமர்ந்திருக்கிறது.

எழுத்தைச் சுற்றி வகுக்கும் கட்டம் எழுத்தின் விளிம்போடு ஒட்டி நிற்கக்கூடாது. குறைந்தது எட்டு பிக்சல் தள்ளி இருக்க வேண்டும். JPEG ஆக இருந்த படங்களில் எழுத்தைச் சுற்றி மங்கலான பொடிகள் சிதறிக் கிடக்கும். அவை அந்த 8×8 கட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். எழுத்தை மட்டும் அழித்தால் அந்தப் பொடிகள் பழைய சொல்லின் நிழலாக எஞ்சி நிற்கும். இவற்றைக் கணக்கில் கொண்டு, நம் கட்டத்தை x=1432, y=1812 இல் தொடங்கி 250 பிக்சல் அகலமும் 60 பிக்சல் உயரமும் உள்ளதாக வைத்துக்கொள்வோம். `Rectangle Select` கருவியின் தேர்வுப் பலகையில் `Position`, `Size` என்னும் இடங்களில் இந்த எண்களைத் தட்டச்சு செய்துவிடலாம்; சுட்டியால் இழுப்பதைவிட இது திருத்தமானது. அங்கேயே `Feather edges` அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் கட்டத்தின் ஓரம் மங்கி, வெளியில் உள்ள பிக்சல்களையும் தொடும்.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறுதிச் சோதனைக்கு இவை மீண்டும் தேவைப்படும்.

தாளின் நிறத்தால் மூடுதல்

ஸ்கேன் செய்த தாள் தூய வெள்ளையாக இருப்பதில்லை. `Color Picker` கருவியால் வெற்றிடத்தில் நான்கைந்து இடங்களைத் தொட்டுப் பார்த்தால் 244, 243, 239 போன்ற எண்கள் வரும். இடத்துக்கு இடம் அவை ஓரிரண்டு மாறவும் செய்யும். ஒரே நிறத்தால் நிரப்பிய கட்டம் திரையில் தெரியாவிட்டாலும் அச்சில் ஒட்டுப்போட்டது போல் தெரிந்துவிடும். எனவே நிறத்தை ஊற்றாமல் தாளையே எடுத்து ஒட்ட வேண்டும்.

இதே அறையின் கீழ்ப்பகுதி காலியாக உள்ளது. x=1460, y=1900 இல் தொடங்கி 250×60 அளவில் ஒரு துண்டைத் தேர்ந்து நகலெடுங்கள். பரண் கோடு 1451 இலும், வலச்சுவர் 1734 இலும் இருப்பதால் இத்துண்டு இரண்டையும் தொடவில்லை. `Edit` பட்டியலில் `Paste as` என்பதன் கீழ் உள்ள `New Layer` கட்டளையால் அதைத் தனி லேயராக ஒட்டி, `Edit Layer Attributes` சாளரத்தில் `Offset X` என்பதற்கு 1432, `Offset Y` என்பதற்கு 1812 என்று கொடுத்தால், அது நாம் வகுத்த கட்டத்தின் மேல் பொருந்தி அமரும். துண்டை அருகிலிருந்தே எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்கேனரின் ஒளி தாள் முழுவதும் ஒரே சீராக விழுவதில்லை. தொலைவிலிருந்து எடுத்த துண்டின் நிறம் சற்று வேறுபடும்.

மூலப்படம் உள்ள கீழ் லேயரை இவ்வேலையில் எங்கும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் பிக்சல்களைப் பூட்டிவைத்தால் தவறுதலாக அதன்மேல் தூரிகை படுவதையும் தடுக்கலாம்.

பலர் இந்த இடத்தில் `Heal` கருவியைப் பயன்படுத்துகிறார்கள். முகத்தில் உள்ள தழும்பை மறைக்க அது சிறந்தது, வரைபடத்துக்கு ஆகாது. சுற்றியுள்ள நிறங்களைக் கலந்து நிரப்புவதே அதன் வேலை என்பதால், அருகில் கோடு இருந்தால் அந்தக் கருமையையும் இழுத்து மையாகத் தடவிவிடும்.

பரண் கோட்டை மீட்டல்

தாள் துண்டு எழுத்தோடு சேர்த்துப் பரண் கோட்டின் 60 பிக்சல் நீளத்தையும் மூடிவிட்டது. இப்போது அதை மீட்க வேண்டும். கோடும் இடைவெளியும் சேர்ந்து 4 மி.மீ.; அதாவது 47.24 பிக்சலுக்கு ஒருமுறை அதே ஒழுங்கு திரும்புகிறது. ஒரு சுற்று மட்டும் மேலே சென்று எடுத்தால் அந்தப் பகுதியின் அடிப்புறம் நம் கட்டத்துக்குள்ளேயே விழும். எனவே இரண்டு சுற்று மேலே செல்ல வேண்டும்: 94.5 பிக்சல். அரைப் பிக்சலை நகர்த்த முடியாது. நகர்த்த முயன்றால் மீண்டும் இடைக்கணிப்பும் சாம்பலும் வந்து சேரும். ஆகவே 94 என்று கொள்வோம். விடுபட்ட அரைப் பிக்சல் தாளில் 0.04 மி.மீ.; தரையில் நான்கு மில்லிமீட்டர். கோட்டின் நீளப்போக்கில் மட்டும் ஏற்படும் இந்த வேறுபாட்டால் பரணின் விளிம்பு இருக்கும் இடம் மாறுவதில்லை.

மூல லேயரைத் தேர்ந்துகொண்டு, x=1447, y=1718 இல் தொடங்கி 9 பிக்சல் அகலமும் 60 பிக்சல் உயரமும் உள்ள பட்டையை நகலெடுத்து, புதிய லேயராக ஒட்டி, x=1447, y=1812 இல் வையுங்கள். இரண்டு பிக்சல் கோட்டுக்கு ஒன்பது பிக்சல் அகலம் எடுப்பது அதன் சாம்பல் ஓரங்களும் உடன் வருவதற்காகத்தான்.

இப்போது 800 விழுக்காட்டில் இணைப்பின் மேல் முனையையும் கீழ் முனையையும் பாருங்கள். தாள் சாய்ந்திருந்தால் இங்கே ஒரு சிறு படிக்கட்டு தெரியும். 0.3 பாகைச் சாய்வில் 94 பிக்சல் தொலைவுக்குக் கோடு பக்கவாட்டில் அரைப் பிக்சல் விலகியிருக்கும். அது கண்ணுக்குப் படாது. ஒரு பாகைச் சாய்வில் ஒன்றரைப் பிக்சலுக்கு மேல் விலகும். அப்போது `Move` கருவியை எடுத்து, விசைப்பலகையின் அம்புக்குறியால் பட்டையை ஒரு பிக்சல் பக்கவாட்டில் நகர்த்தி, எது நன்றாகப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். கையால் வரைந்த பழைய வரைபடங்களில் கோடு–இடைவெளி ஒழுங்கு இவ்வளவு சீராக இராது. அங்கே கணக்கை ஒதுக்கிவிட்டு, முனைகள் இரண்டும் இயல்பாகச் சேரும் பகுதியைக் கண்ணால் தேடி எடுப்பதே சரி.

எழுத்து ஒரு சுவர்க்கோட்டையே தொட்டுக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. அங்கே ஒட்டும் தாள் துண்டைச் சுவருக்கு இரண்டு பிக்சல் முன்பே நிறுத்திவிட்டு, எஞ்சிய எழுத்தின் நுனியை மட்டும் ஒரு பிக்சல் அளவுள்ள `Pencil` கருவியால் புதிய லேயரில் தாளின் நிறத்தை இட்டு மறைக்கலாம். `Paintbrush` கருவியின் ஓரம் மென்மையானது ஆதலால் இந்த இடத்துக்கு அது பொருந்தாது.

புதிய பெயரை எழுதுதல்

`Text` கருவியால் "பூசை அறை" என்று எழுதுங்கள். ஜிம்ப் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும். வேறு சில மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அவ்வாறு நின்றால் எழுத்தை முன்பின்னாகத் தட்டச்சு செய்து சமாளிக்காமல் அமைப்பை மாற்றுங்கள். எழுத்தின் அளவைப் பக்கத்து அறையின் பெயரோடு ஒப்பிட்டே முடிவுசெய்ய வேண்டும். புள்ளியும் கொம்பும் இல்லாத "ப" போன்ற ஓர் எழுத்தின் உயரத்தை இரண்டு இடத்திலும் பிக்சலில் அளந்து சமமாக்கினால் போதும்.

எழுத்தின் நிறத்தையும் பக்கத்து அறையின் பெயரிலிருந்தே எடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த மை பெரும்பாலும் தூய கருப்பாக இராமல் 38, 36, 41 போல இருக்கும். தண்டின் நடுவில் தொட்டு நிறத்தை எடுங்கள்; ஓரத்தைத் தொட்டால் சாம்பல் வரும்.

இடத்தைப் பொறுத்தவரை, புதிய சொல்லைப் பழைய சொல்லின் நடுவிலேயே வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பரண் கோட்டிலிருந்து அதைச் சற்று வலப்பக்கம் தள்ளி, கோட்டைத் தொடாமல் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. பழைய எழுத்து கோட்டின் மேல் விழுந்தது முதலில் வரைந்தவர் விட்ட குறை. அதை நாமும் காக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டத்துக்கு வெளியே எழுத்து நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளும் என்றால் முதலிலேயே கட்டத்தை அகலமாக வகுத்து எண்களைத் திருத்திக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாள் 0.3 பாகை சாய்ந்திருந்தால் 200 பிக்சல் அகலச் சொல்லுக்கு ஒரு பிக்சல் வேறுபாடுதான், விட்டுவிடலாம். ஒரு பாகை என்றால் மூன்றரைப் பிக்சல் ஆகும். அப்போது எழுத்து லேயரை மட்டும் அந்த அளவு சுழற்றுங்கள். புதிய எழுத்து மற்றவற்றைவிடக் கூர்மையாகத் துருத்தித் தெரிந்தால், அதன் லேயருக்கு மட்டும் `Gaussian Blur` 0.5 கொடுக்கலாம்.

சோதித்தல்

லேயர்களோடு கூடிய கோப்பை ஜிம்ப்பின் சொந்த வடிவமான XCF இல் சேமித்துவிட்டு, `Export As` வழியாக `thiruttham.png` என்று வெளியிடுங்கள். சாளரத்தில் `Save resolution` குறியிட்டிருக்க வேண்டும். இல்லையெனில் 300 என்ற தகவல் கோப்பில் பதியாமல் போய், அச்சிடும்போது தாளின் அளவு மாறிவிடும்.

கண்ணால் செய்யும் சோதனைக்கு, வெளியிட்ட படத்தைத் திறந்து, `Open as Layers` கட்டளையால் மூலத்தை அதன் மேல் கொண்டுவந்து, மேல் லேயரின் கலப்பு முறையை `Difference` என்று மாற்றுங்கள். மாறாத இடமெல்லாம் கருப்பாகிவிடும். எழுத்து இருந்த கட்டம் மட்டும் ஒளிரும். மிக மங்கிய வேறுபாடுகள் கருப்போடு கருப்பாக ஒளிந்துகொள்ளும் என்பதால் `New from Visible` கொடுத்து, அந்தப் புதிய லேயரில் `Levels` சாளரத்தின் வெள்ளை முனையை 10 வரை இறக்கிப் பாருங்கள். படம் முழுவதும் மணல் தூவியது போல் புள்ளிகள் தெரிந்தால் எங்கோ இடையில் JPEG சேமிப்பு நடந்திருக்கிறது. கோடுகளின் ஓரமெல்லாம் இரட்டையாக ஒளிர்ந்தால் படம் சுழன்றோ அளவு மாறியோ விட்டது.

எண்ணாலும் சோதிக்க விரும்புவோர் இமேஜ்மேஜிக் நிரலைப் பயன்படுத்தலாம். இரு படங்களிலும் நம் கட்டத்தை வெள்ளையால் மூடிவிட்டு, மீதி எல்லாம் ஒன்றா என்று கேட்பதே இதன் கருத்து. கட்டம் 250×60 ஆதலால் அதன் கடைசிப் பிக்சல் x=1681, y=1871.

```
magick moolam.png -fill white -draw "rectangle 1432,1812 1681,1871" a.png
magick thiruttham.png -fill white -draw "rectangle 1432,1812 1681,1871" b.png
magick compare -metric AE a.png b.png null:
```

விடை 0 என்று வர வேண்டும். வேறு எந்த எண் வந்தாலும் அத்தனை பிக்சல்கள் கட்டத்துக்கு வெளியே மாறியிருக்கின்றன என்று பொருள். எண் சிறியதாக, ஐம்பது நூறு என்று இருந்தால் எழுத்தின் நுனியோ தூரிகையின் ஓரமோ கட்டத்தைத் தாண்டியிருக்கும். இலட்சக்கணக்கில் வந்தால் முழுப்படமும் மாறியிருக்கிறது; திருத்திச் சரிசெய்ய முயலாமல் `moolam.png` இலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

0 வந்தால் அளவுகோல் பட்டை மாறவில்லை என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. ஆனாலும் அச்சில் ஒரு கண்ணி எஞ்சியிருக்கிறது. அச்சிடும் சாளரத்தில் தாளுக்குப் பொருத்தும் தேர்வு பெரும்பாலும் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது 97 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் 50 மி.மீ. பட்டை 48.5 மி.மீ. ஆகிவிடும். மெய்யளவில் அச்சிடும் தேர்வைக் கொடுத்து, வந்த தாளில் பட்டையின் மேல் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கைபேசியில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். படமாக அனுப்பும்போது பல செயலிகள் அதைச் சுருக்கி JPEG ஆக்கிவிடும். அதோடு மூலத்தையும் தனியே வைத்துக்கொண்டு, திருத்திய படியின் கோப்புப் பெயரில் தேதியைச் சேர்த்துவிட்டால், வேலையிடத்தில் எந்தத் தாள் புதியது என்ற குழப்பம் எழாது.